உஷார்! கொப்புளத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள்

திருக்கோவிலூர் வட்டாரப் பெற்றோர்களே, குழந்தையின் உடம்பில் சிவப்புப் புள்ளி தெரிந்ததும் செல்போனில் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் போட்டு, "இது அம்மையா?" என்று கேட்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பதில் உடனே வந்துவிடும். "அம்மா வந்திருக்காங்க, வேப்பிலை வையுங்க" என்பார் ஒருவர். "சூட்டுக் கொப்புளம்தான், இளநீர் கொடுங்க" என்பார் இன்னொருவர். ஆனால் அந்தப் படத்தில் இருப்பது சின்னம்மையாக இருக்கலாம், தட்டம்மையாக இருக்கலாம், கை கால் வாய் நோயாகவும் இருக்கலாம். மூன்றும் பரவுகிற வழி வேறு வேறு. ஒன்றுக்குப் போட்ட காவல் மற்றொன்றைத் தடுக்காது.

பார்வையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து மாநிலத்திலேயே பார்த்தோம். 2022 மே மாதம் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் சிறு குழந்தைகளுக்குக் காய்ச்சலும் சிவந்த பெரிய கொப்புளங்களும் வந்தன. ஜூலை இறுதிக்குள் 5 வயதுக்கு உட்பட்ட 82 குழந்தைகள் பாதிக்கப்பட்டதாகக் கணக்கு வந்தது. கொப்புளத்தின் தோற்றத்தை வைத்துத் தக்காளிக் காய்ச்சல் என்று பெயர் பரவியது. புதிய வைரஸ் என்றார்கள், டெங்குவின் அல்லது சிக்குன்குனியாவின் பின்விளைவு என்றார்கள். வாளையார் எல்லையில் தமிழ்நாடு கண்காணிப்புப் போட்டது. பிறகு, கேரளத்தில் விடுமுறையைக் கழித்துவிட்டு பிரிட்டன் திரும்பிய இரண்டு குழந்தைகளுக்கு இதே போன்ற கொப்புளம் வந்தபோது, மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். காக்சாக்கி ஏ16 என்று முடிவு வந்தது. கை கால் வாய் நோயை உண்டாக்கும் பழைய வைரஸ்தான் அது. மருத்துவ உலகமே சோதனை செய்த பிறகுதான் பெயர் சொன்னது என்றால், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த ஒரு போட்டோ எதைச் சொல்லும்?

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று வயதுக் குழந்தை, அங்கன்வாடிக்குப் போகிறது. முழங்கைப் பக்கம் பத்துப் பதினைந்து சிவந்த புள்ளிகள். படத்தில் தெரிவது அவ்வளவுதான். மாநிறத் தோலில் தட்டம்மையின் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. போன் கேமராவோ தோலை வழவழப்பாக்கி மேடு பள்ளத்தை மறைத்துவிடும். தடுப்பூசி போட்ட குழந்தைக்குச் சின்னம்மை வந்தால் நீர் கோக்காமல் வெறும் புள்ளியாகவே முடிந்துவிடலாம். கை கால் வாய் நோயின் ஒரு வகை கை, கால், பிட்டம் என்று படர்ந்து சின்னம்மையைப் போலவே தோன்றும். ஆகவே படத்துக்கு வெளியே இருப்பதைத்தான் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி, புள்ளி வருவதற்கு முந்தைய மூன்று நான்கு நாட்கள் எப்படி இருந்தன? கடும் காய்ச்சல், இருமல், ஒழுகும் மூக்கு, சிவந்து நீர் வடியும் கண், அதன் பிறகு காதுக்குப் பின்னாலும் முடி ஓரத்திலும் தொடங்கி முகம், மார்பு, கால் என்று கீழிறங்கும் தடிப்பு என்றால் தட்டம்மையைச் சந்தேகிக்க வேண்டும். சில பெரியவர்கள் மணல்வாரி என்பது இதைத்தான். இரண்டாவது கேள்வி, ஒரே இடத்தில் புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் கலந்திருக்கின்றனவா, அரிக்கிறதா, தலைமுடிக்குள்ளும் உண்டா? ஆம் என்றால் சின்னம்மையாக இருக்கும். மூன்றாவது, வாய்க்குள் புண் இருந்து குழந்தை சோறு இறங்காமல் அழுகிறதா, உள்ளங்கையிலும் பாதத்திலும் புள்ளி உண்டா? அப்படியானால் கை கால் வாய் நோய். முழங்கைப் படத்தில் இவற்றில் ஒன்றுகூட இருக்காது.

இனி, பெயர் தெரிவது ஏன் அவசரம் என்பதைக் கவனியுங்கள்.

தட்டம்மை காற்றில் பரவும். நோயாளி எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் வைரஸ் இரண்டு மணி நேரம் வரை தங்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் பத்துப் பேர் உடனிருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்து, தோன்றி 4 நாள் வரை தொற்றும் காலம். தனித் தட்டு, தனிப் பாய், வாசலில் வேப்பிலை எதுவும் இதற்குத் தடையாகாது. ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையில் அந்தக் குழந்தையை மடியில் வைத்துக் காத்திருந்தால், பக்கத்தில் 9 மாதம் ஆகாத, இன்னும் ஊசி போடாத கைக்குழந்தைக்கும் போய்விடும்.

சின்னம்மை காற்றிலும் பரவும், கொப்புள நீர் பட்டாலும் பரவும். கொப்புளம் எழுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கி, கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை நீடிக்கும். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் குழந்தையை அங்கன்வாடிக்கு அனுப்பிவிடுகிறோம். தண்ணீர் ஊற்றும் நாள் நம்பிக்கையைச் சேர்ந்தது. தொற்று நின்றதா என்பதைப் பொருக்குதான் சொல்லும். ஈரக் கொப்புளம் ஒன்று மிச்சமிருந்தாலும் அனுப்பக் கூடாது. சின்னம்மை வராத கர்ப்பிணிகள் அந்த வீட்டுப் பக்கமே போக வேண்டாம்.

கை கால் வாய் நோய் எச்சில், சளி, கொப்புள நீர், மலம் வழியாகப் பரவும். குழந்தை குணமாகி விளையாடத் தொடங்கிய பிறகும் பல வாரங்கள் மலத்தில் வைரஸ் வெளியேறும். கால் கழுவிவிடும் கையும் எச்சில் பட்ட பொம்மையும்தான் இதற்கு வாகனம். சானிடைசர் இந்த வைரஸிடம் அவ்வளவாகச் செல்லாது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். பொம்மைகளைச் சோப்பு நீரில் கழுவி, பிளீச்சிங் கரைசலில் துடையுங்கள்.

அம்மை என்றாலே மருந்து கூடாது என்று இருந்துவிடாதீர்கள். தட்டம்மைக் குழந்தைக்கு அடுத்தடுத்த இரு நாட்களில் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் 2 லட்சம் யூனிட். கண் பார்வையையும் உயிரையும் காப்பது அது. வீட்டில் நாமாகக் கொடுக்கக் கூடாது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளவு பார்த்துக் கொடுப்பார்கள். சின்னம்மைக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். மூளையையும் ஈரலையும் தாக்கும் ஆபத்து உண்டு.

மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தால், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், தூக்கத்தில் திடுக்கிட்டு உதறினால், நடை தள்ளாடினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். கல்வராயன் மலைக் கிராமங்களில் இருப்பவர்கள், கீழே இறங்க ஆகும் நேரத்தையும் கணக்கில் வைத்து, முதல் அறிகுறியிலேயே கூப்பிடுங்கள்.

இப்போதே செய்ய வேண்டியது இது. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தட்டம்மை ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று, ஆக இரண்டும் பதிவாகியிருக்க வேண்டும். அரசு நிலையங்களில் இலவசம். வேலைக்காக வெளியூர் போயிருந்ததில் தவறியிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள், போட்டுவிடுவார். காய்ச்சலோடு தடிப்பு வந்தால் படம் அனுப்பாமல் அவருக்குப் போன் செய்து, காய்ச்சல் என்று தொடங்கியது, தடிப்பு எங்கே முதலில் வந்தது, வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ உண்டா என்ற மூன்றையும் சொல்லுங்கள். தட்டம்மைக் குழந்தையோடு பழகிய மற்றவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்புண்டு. அந்த மூன்று நாட்களை வாட்ஸ்அப் பதிலுக்காக இழந்துவிடாதீர்கள்.