சிங்கப்பூர்க் கடன் செயலி: திரையில் தெரியும் வட்டியும் தெரியாத வட்டியும்

சிங்கப்பூர் வங்கிகளின் செயலிகளில் தனிநபர் கடனுக்கு `Applied Rate`, `EIR` என இரண்டு விகிதங்கள் காட்டப்படுவது வழக்கம். முன்னது, தொடக்கத்தில் வாங்கிய முழு அசலுக்கும் கடைசித் தவணை வரை ஒரே அளவில் கணக்கிடப்படும் நேர்வட்டி. பின்னது, மாதந்தோறும் அசல் கரைந்து வருவதைக் கணக்கில் கொண்டு, எஞ்சிய நிலுவைக்கு உண்மையில் எவ்வளவு வட்டி விழுகிறது என்பதைக் காட்டும் மெய்வட்டி.

எடுத்துக்காட்டாக, 12,000 வெள்ளியை 4 விழுக்காடு நேர்வட்டியில் 24 மாதங்களுக்கு வாங்கினால், வட்டி 960 வெள்ளியாகவும் மாதத் தவணை 540 வெள்ளியாகவும் அமையும். மாதந்தோறும் நிலுவை குறைந்தும் நேர்வட்டி முழு அசலுக்குமே கணக்கிடப்படுவதால், இதன் மெய்வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 விழுக்காடு. `Processing Fee` என்ற பெயரில் 120 வெள்ளி முதலிலேயே பிடிக்கப்பட்டு 11,880 வெள்ளி மட்டுமே கைக்கு வருமானால், மெய்வட்டி 8.5 விழுக்காட்டை எட்டிவிடும். ஆகவே இரு கடன்களை ஒப்பிட வேண்டியது `EIR` எண்ணைக் கொண்டுதான்.

தவணை அட்டவணையில் `Principal` என்பது அசலையும் `Interest` என்பது வட்டியையும் குறிக்கும். மேற்கண்ட கடனின் தவணைகளை மெய்வட்டிப்படி பிரித்தால், முதல் தவணையில் வட்டி சுமார் 75 வெள்ளி. கடைசித் தவணையிலோ அது 4 வெள்ளிக்கும் குறைவு. வட்டியின் பெரும்பகுதி முதல் ஆண்டிலேயே செலுத்தப்பட்டுவிடுவதால், கடனைப் பிந்தி அடைக்க அடைக்க மிச்சமாகும் வட்டி சுருங்கிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் `Early Repayment Fee`, அதாவது கெடுவுக்கு முன்பே கடனை அடைப்பதற்கான கட்டணம், முக்கியமாகிறது. அது நிலுவை அசலில் 3 விழுக்காடு என்று கொண்டால், 12 தவணைகளுக்குப் பின் நிலுவை சுமார் 6,224 வெள்ளி, இனி வரவிருந்த வட்டி 256 வெள்ளி, கட்டணம் 187 வெள்ளி என்ற கணக்கில் 69 வெள்ளி மிஞ்சும். 18 தவணைகளுக்குப் பிறகு அடைத்தாலோ, மிச்சமாகும் வட்டி 70 வெள்ளியாகவும் கட்டணம் 95 வெள்ளியாகவும் இருப்பதால், 25 வெள்ளி நட்டமே ஏற்படும்.

கட்டணம் எதன்மீது விதிக்கப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 12 தவணைகள் எஞ்சியிருக்கையில் திரையில் 6,480 வெள்ளி நிலுவை என்று காட்டப்பட்டால், அது இனி வரவேண்டிய வட்டியையும் சேர்த்த தொகையே அன்றி நிலுவை அசல் அன்று. எனவே கடனை அடைக்க விரும்புவோர், அடைக்கும் நாளுக்குரிய முழுத் தீர்வுத் தொகையைக் கட்டணத்துடன் எழுத்தில் கேட்டுப் பெற்று, எஞ்சிய தவணைகளின் கூட்டுத்தொகையைவிட அது குறைவாக இருந்தால் மட்டுமே அடைப்பது ஆதாயம்.