ராயல்டி கடிதத்தில் எதைப் பார்ப்பது?

ஆண்டுக்கணக்கு முடிந்ததும் பதிப்பகத்திலிருந்து வரும் ராயல்டி கணக்கோடு ஒரு கடிதமும் இருக்கும். பல எழுத்தாளர்கள் காசோலைத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

300 ரூபாய் விலையுள்ள நாவல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடைகளுக்குப் போனவை 2,400 பிரதிகள், விற்காமல் திரும்பியவை 400. ராயல்டி மீதி 2,000 பிரதிகளுக்குத்தான். மதிப்புரைக்கும் நண்பர்களுக்கும் கொடுத்த இலவசப் பிரதிகள் பொதுவாக இந்தக் கணக்கில் சேராது. அச்சிட்ட எண்ணிக்கையும் கையிருப்பும் கடிதத்தில் இருந்தால்தான் இதைச் சரிபார்க்க முடியும். இல்லையென்றால் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது விகிதம். 10 சதவீதம் என்றால் எதில்? அட்டை விலையில் என்றால் பிரதிக்கு 30 ரூபாய், மொத்தம் 60,000. கடைக்காரருக்கு 35 சதவீதக் கழிவு போகப் பதிப்பகத்தின் கைக்கு வரும் 195 ரூபாயில் என்றால் பிரதிக்கு 19.50, மொத்தம் 39,000 மட்டுமே. ஒப்பந்தத்தில் இருக்கும் ஒற்றை வரி 21,000 ரூபாயைத் தீர்மானிக்கிறது.

பிடித்தங்களில் முதலில் வருவது முன்பணம். அப்படி எதுவும் வாங்கவில்லை என்றால் மிஞ்சுவது வரிப் பிடித்தம். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும் ராயல்டிக்கு 10 சதவீதம் பிடிக்கிறார்கள். ஆக, 60,000இல் 6,000 போய் 54,000 வரும். பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 சதவீதம்.

அந்த 6,000 தொலைந்த பணமல்ல. வரித்துறையின் 26ஏஎஸ் படிவத்தில் எழுத்தாளர் பெயரில் அது வரவாகியிருக்க வேண்டும். அங்கே காணவில்லை என்றால், பிடித்த வரி கட்டப்பட்டதா என்று பதிப்பகத்திடம் உடனே கேட்கலாம்.