குறை எந்தப் பக்கம் சாய்க்கும்?

ஆய்வுக் கட்டுரையின் முடிவுப் பகுதியில் 'ஆய்வின் வரம்புகள்' என்று ஒரு பத்தி வரும். 'மாதிரி சிறியது, மேலும் ஆய்வு தேவை' என்று எழுதிவிட்டுப் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். எந்தக் கட்டுரையிலும் ஒட்டக்கூடிய வரிகள் இவை. அந்தக் குறை முடிவை எந்தப் பக்கம் சாய்த்திருக்கும், எவ்வளவு சாய்த்திருக்கும் என்பதுதான் படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

இதை அழகாகச் செய்தவர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும். லண்டன் மருத்துவமனைகளில் இருந்த நுரையீரல் புற்றுநோயாளிகள் 709 பேரையும், வேறு நோய்களுக்காகச் சேர்ந்திருந்த 709 பேரையும் ஒப்பிட்டு, 1950இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். புகைப் பழக்கமே இல்லாத ஆண்கள் புற்றுநோயாளிகளில் 2 பேர். மற்றவர்களில் 27 பேர்.

ஆனால் ஓர் ஓட்டை இருந்தது. பேட்டி எடுத்தவர்களுக்கு, எதிரே இருப்பவரின் நோய் என்னவென்று பெரும்பாலும் தெரியும். புற்றுநோயாளி என்றால் துருவித் துருவிக் கேட்டு, புகைத்ததைக் கூட்டி எழுதியிருக்கலாம் அல்லவா? அப்படி நடந்திருந்தால் முடிவு அவர்கள் சொன்ன பக்கமே பொய்யாகப் பெருத்திருக்கும். ஒரு ஆய்வாளருக்கு இதைவிட ஆபத்தான குறை இல்லை.

அவர்கள் அதை மறைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. சோதித்துப் பார்த்தார்கள். புற்றுநோய் என்று கருதிப் பேட்டி எடுக்கப்பட்ட சிலருக்கு, அது புற்றுநோய் அல்ல என்று பிறகு தெரியவந்திருந்தது. பேட்டியாளரின் சந்தேகம்தான் எண்ணிக்கையைக் கூட்டியது என்றால், இவர்களுடைய கணக்கும் புற்றுநோயாளிகளுடையதைப்போல இருக்க வேண்டும். இருக்கவில்லை. மற்ற நோயாளிகளின் கணக்கோடுதான் ஒத்துப்போனது. குறையைச் சொன்ன அதே இடத்தில் வாதம் வலுப்பட்டுவிட்டது.

எல்லாக் குறைக்கும் இப்படிச் சோதனை வாய்க்காது. வாய்க்காதபோது திசையையாவது சொல்லலாம். எத்தனை சிகரெட் என்பதை இரு தரப்பினரும் ஒரே அளவுக்குத் தவறாக நினைவுகூர்ந்தால், உண்மையான வேறுபாடு மங்கித்தான் தெரியும். அது முடிவுக்கு எதிரான குறை அல்ல. இந்த ஒரு வாக்கியம் பத்து பணிவான வரிகளுக்குச் சமம்.

தங்களுக்குப் பாதகமான ஒன்றையும் அவர்கள் அச்சில் வைத்தார்கள்: புகையை உள்ளிழுப்பதாகச் சொன்னவர்கள் புற்றுநோயாளிகளிடையே சற்றுக் குறைவு. புள்ளியியல் மேதை ஃபிஷர் பின்னாளில் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடினார். நேர்மைக்கு அப்படி ஒரு விலையும் உண்டுதான். ஆனாலும் ஒளித்து வைத்து மாட்டிக்கொண்டார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

நோய் வந்தபின் விசாரிப்பது என்ற அடிப்படைக் குறை மட்டும் மிஞ்சியது. 1951இல் டாலும் ஹில்லும் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பிப் புகைப் பழக்கத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டு, யார் எதனால் இறக்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினார்கள். சுமார் 40,000 பேர் பதில் எழுதினார்கள்.