வாயால் சாப்பிடும்போதே வயிற்றில் ட்யூப்... இப்போதே எதற்கு? - மோட்டார் நியூரான் நோயாளிகளின் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

``அம்மா இன்னும் வாயாலதானே சாப்பிடுறாங்க. அதுக்குள்ள எதுக்கு டாக்டர் வயித்துல ட்யூப்?''

மோட்டார் நியூரான் நோய் வந்தவரின் வீட்டார் கேட்கும் நியாயமான கேள்வி இது. விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கை சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது இந்த நோய்தான். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். சிலருக்கு கை, கால்களில் தொடங்கும். சிலருக்கு நாக்கிலும் தொண்டையிலும் தொடங்கும். எங்கே தொடங்கினாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒரு கட்டத்தில் விழுங்குவது சிரமமாகிவிடும்.

அப்போது பயன்படுவதுதான் கேஸ்ட்ரோஸ்டமி. வயிற்றின் மேல்பகுதியில் சிறு துளையிட்டு, இரைப்பைக்குள் நேராக ஒரு மெல்லிய ட்யூப் வைப்பார்கள். பேச்சுவழக்கில் `பெக் ட்யூப்.' இது நோயை நிறுத்தாது. ஆனால், பட்டினியையும் நீர் வற்றுவதையும் தடுக்கும். மாத்திரை கொடுக்கவும் உதவும்.

`வாயால் சுத்தமாக முடியாமல் போகட்டும், அப்போது வைத்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவதில்தான் சிக்கல். அதுவரை காத்திருந்தால், ட்யூப் வைக்கும் அந்தச் சின்ன சிகிச்சையைத் தாங்கும் சக்தி உடலில் இல்லாமல் போகலாம். எனவே, டாக்டர்கள் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்: எடை, மூச்சு, நோயாளியின் விருப்பம்.

எடை மெஷின் சொல்லும் சேதி

இந்த நோயில் எடை குறைய இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, சாப்பிடும் அளவு குறைகிறது. அரைத் தட்டு சாப்பிடவே முக்கால் மணி நேரம் ஆகும்; களைப்பில் பாதியிலேயே `போதும்' என்று எழுந்துவிடுவார்கள். இரண்டு, தசைகளே கரைகின்றன. பலருக்கு உடல் ஓய்வாக இருக்கும்போதும் வழக்கத்தைவிட அதிக கலோரியை எரிக்கிறது. அதனால், நன்றாகச் சாப்பிடுகிறவருக்குக்கூட எடை இறங்கலாம்.

பிரிட்டனில் 24 சிகிச்சை மையங்களில், ட்யூப் வைத்துக்கொண்ட 300-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-ல் வெளியானது. ட்யூப் வைக்கும் நேரத்தில் அதிக எடையை இழந்திருந்தவர்களுக்கு அதன் பலன் குறைவாகவே கிடைத்தது. நோய் உறுதியானபோது இருந்த எடையில் சுமார் 5 சதவிகிதம் குறையும்போதே ட்யூப் வைப்பது நல்லது என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். 10 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டால், இழந்ததை மீட்பது கடினம். இது நோயாளிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்துச் செய்த பரிசோதனை அல்ல. அதனால், 5 சதவிகிதம் என்பதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாமல், மணி அடிக்கும் இடமாக எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கு சுலபம். 60 கிலோ இருந்தவருக்கு 5 சதவிகிதம் என்றால் 3 கிலோ. எடை 57-ஐத் தொட்டால் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பதல்ல. முடிவே எடுக்க வேண்டும். பேச்சு அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

எடை பார்ப்பதிலும் சில இடங்களில் ஏமாறலாம். மாதம் ஒரு முறை, ஒரே மெஷினில், காலையில் சாப்பிடுவதற்கு முன் பாருங்கள். நிற்க முடியாதவர் என்றால், மருத்துவமனையில் சக்கர நாற்காலியோடு நிறுத்தும் மெஷினைக் கேளுங்கள். பிறகு நாற்காலியின் எடையைக் கழித்துவிடலாம். நடமாட்டம் இல்லாத காலில் நீர் கோத்து வீங்கியிருந்தால், மெஷின் காட்டும் எடை உண்மையைவிடக் கூடுதலாக இருக்கும். சிலர், நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே பல கிலோ இளைத்திருப்பார்கள். `நல்லா இருந்தப்போ எவ்வளவு இருந்தீங்க?' என்ற கேள்விக்கான பதிலையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூச்சு ஏன் முக்கியம்?

சாப்பாட்டுக்கான ட்யூப்புக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பெக் முறையில், வாய் வழியாக எண்டோஸ்கோப்பை இரைப்பைக்குள் விட்டு, உள்ளிருந்து இடம் பார்த்து ட்யூப் வைக்கிறார்கள். அதற்கு நோயாளி படுத்திருக்க வேண்டும். பதற்றம் குறைய மயக்க மருந்தும் சிறிதளவு கொடுப்பார்கள். நம்மை மூச்சு விட வைக்கும் முக்கியத் தசை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம். அது பலவீனமானவர் மல்லாந்து படுத்தால், வயிற்று உறுப்புகள் மேலே அழுத்தும், மூச்சு திணறும். அதன்மேல் மயக்க மருந்தும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்ஸைடு ரத்தத்தில் தேங்கும்.

இதை முன்கூட்டி அறியத்தான் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை. மூச்சை முழுதாக இழுத்து, கருவிக்குள் பலமாக ஊதிக் காலி செய்ய வேண்டும். அப்படி வெளியேறும் மொத்தக் காற்றின் அளவை எஃப்.வி.சி என்கிறார்கள். அதே வயது, உயரம், பாலினம் கொண்ட ஆரோக்கியமானவருக்கு எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிட்டு, சதவிகிதமாகச் சொல்வார்கள். ஐரோப்பிய நரம்பியல் வழிகாட்டுதல், இது 50 சதவிகிதத்துக்குக் கீழே போவதற்கு முன் பெக் வைக்கச் சொல்கிறது.

இங்கும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். உட்கார்ந்து ஊதும்போது நன்றாக இருக்கும் எண், படுத்து ஊதும்போது சட்டென்று இறங்கலாம். உதரவிதானம் தளர்ந்ததற்கு அது அடையாளம். அதனால் படுத்த நிலையிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்து, முகத் தசை தளர்ந்தவரால் கருவியை உதட்டால் இறுக்கமாகக் கவ்வ முடியாது. காற்று ஓரமாகக் கசியும். எண் குறைவாக வரும். நுரையீரல் கெட்டுவிட்டது என்று பயந்துவிட வேண்டாம். மாஸ்க் வைத்து ஊத வைக்கலாம். மூக்கால் வேகமாக உறிஞ்சச் சொல்லி, அந்த அழுத்தத்தை அளக்கும் பரிசோதனையும் இருக்கிறது.

காலையில் எழுந்ததும் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், தட்டையாகப் படுக்க முடியாமல் தலையணை மேல் தலையணை... இவையெல்லாம் மூச்சுத் தசை தளர்வதற்கான வீட்டு அடையாளங்கள். அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

50-க்குக் கீழே போய்விட்டால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. பைபாப் மாஸ்க் போட்டு மூச்சுக்குத் துணை கொடுத்துக்கொண்டே ட்யூப் வைக்கிறார்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு இரைப்பையைக் காற்றால் உப்ப வைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி, வயிற்றுத் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து வெளியிலிருந்தே வைக்கும் முறையும் இருக்கிறது. ஆபத்து கூடுதல், அனுபவமுள்ள குழுவும் வேண்டும். அவ்வளவு தூரம் போகாமல் இருப்பதே நல்லது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி என்று புரிய ஓர் உதாரணம். 62 வயது அம்மா. ஜனவரியில் நோய் உறுதியானபோது எடை 60 கிலோ, எஃப்.வி.சி 80 சதவிகிதம். பேச்சு குழற ஆரம்பித்திருக்கிறது. மார்ச்சில் 59 கிலோ, 73 சதவிகிதம். தண்ணீர் குடித்தால் இருமல். பாலையும் ரசத்தையும் கெட்டியாக்கிக் கொடுக்கிறார்கள். மே மாதம் 57 கிலோ, 65 சதவிகிதம். படுத்து ஊதினால் 54.

வீட்டார் பார்வையில் அம்மா பரவாயில்லை. இட்லியை மசித்துக் கொடுத்தால் சாப்பிடுகிறார். ஆனால் எண்கள் சொல்வது வேறு. எடையில் 5 சதவிகிதம் போய்விட்டது. இப்போது மாதம் ஒரு கிலோ இறங்குகிறது. மூச்சு மாதம் 4 சதவிகிதம் குறைகிறது. இதே வேகத்தில் போனால் 10 சதவிகித இழப்பான 54 கிலோவைத் தொடுவது ஆகஸ்டில். அப்போது எஃப்.வி.சி 53 இருக்கும். படுத்தால் 50-க்கும் நன்றாகக் கீழே. நடுவில் ஒரு சளியோ, உணவு புரையேறி நிமோனியாவோ வந்தால் இந்தக் கணக்கும் தப்பிவிடும். ஆக, `ஆகஸ்டில் பார்க்கலாம்' என்பதைவிட மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இதையே திருப்பிப் பாருங்கள். எடை 60-லேயே நிற்கிறது, ஆனால், எஃப்.வி.சி மட்டும் 58-க்கு வந்துவிட்டது என்றால்? அப்போதும் ட்யூப் பற்றி முடிவெடுத்தாக வேண்டும். ஏதாவது ஓர் எண் எல்லையை நெருங்கினாலே போதும். இரண்டும் சேர்ந்து வரும்வரை காத்திருக்கக் கூடாது.

ட்யூப் வைத்த பிறகும், விழுங்குவது பாதுகாப்பாக இருக்கும்வரை அம்மா வாயால் சாப்பிடலாம். காபியின் ருசி நாக்குக்கு, கலோரி ட்யூப் வழியாக. ஆனால் எச்சில் புரையேறுவதை ட்யூப் தடுக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அம்மா என்ன சொல்கிறார்?

எண்கள் இரண்டும் `இப்போது வையுங்கள்' என்றாலும், `எனக்கு வேண்டாம்' என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. ட்யூப் வேண்டாம் என்பவருக்கும் சிகிச்சை உண்டு. விழுங்கத் தோதான உணவு, வாய் வறளாமல் பராமரிப்பு, மூச்சிரைப்புக்கு மருந்து எல்லாம் தொடரும்.

இந்த நோயில் பேச்சு சீக்கிரம் போய்விடலாம். சிலருக்கு யோசித்து முடிவெடுக்கும் திறனும் பாதிக்கப்படும். எனவே, பேச்சு புரியும் நாள்களிலேயே கேட்டு எழுதி வைக்க வேண்டும். `ட்யூப் சம்மதமா?' என்பதோடு நின்றுவிடாதீர்கள். இந்தக் கேள்விகளையும் கேளுங்கள்: மூச்சு மோசமாகி ஆபத்து கூடிய பிறகும் முயற்சி செய்யலாமா? திடீரென்று ஐ.சி.யு-வில் சேர்த்தால் மூக்கு வழி ரைல்ஸ் ட்யூப் போடலாமா? எந்த நிலை வந்தால் ட்யூப் உணவை நிறுத்த வேண்டும்? பேச முடியாதபோது உங்களுக்காக யார் பேச வேண்டும்?

`எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரியவன் முடிவு செய்யட்டும்' என்று அம்மாவே சொல்லலாம், அதையும் எழுதுங்கள். நம் நாட்டில் இப்படிப்பட்ட முன்கூட்டிய மருத்துவ உயிலை உச்ச நீதிமன்றம் 2018-ல் அங்கீகரித்தது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டது. 2023-ல் விதிகளை எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஸட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். அவரால் முடிவெடுக்க முடியாமல் போகும்போதுதான் அது நடைமுறைக்கு வரும். அதுவரை எழுத்துப் பலகையைக் காட்டியோ, கண் சிமிட்டியோ அவர் சொல்வதே இறுதி. மனதை மாற்றிக்கொண்டால் தாளையும் மாற்றலாம்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது ஒரு நோட்டில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும்: மாதவாரியாக எடை, உட்கார்ந்தும் படுத்தும் எடுத்த மூச்சு எண்கள், அம்மாவின் பதில்கள். டாக்டரிடம், ``ட்யூப் வைக்கணுமா?'' என்று கேட்பதற்குப் பதில், ``இந்த வேகத்துல போனா எந்த மாசத்துக்குள்ள வைக்கணும்?'' என்று கேளுங்கள். தேதியோடு பதில் கிடைக்கும்.