பிடிஎஃபுக்குள் பயணம் போகும் எழுத்து

நண்பரின் மகள் ஒரு மின்னஞ்சலை எழுதி, அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள். ஓர் எழுத்துரு வடிவமைப்பாளருக்கு எழுதியது. "ஐயா, உங்கள் எழுத்துரு மிகவும் அழகாக இருக்கிறது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அதைப் பயன்படுத்த அனுமதி தர வேண்டுகிறேன்." கடிதம் இவ்வளவுதான். பணிவுக்குக் குறைவில்லை. ஆனால் இதைப் படிக்கிறவரால் சரி என்றும் சொல்ல முடியாது, கூடாது என்றும் சொல்ல முடியாது. எதைச் செய்ய அனுமதி கேட்கிறாள் என்பது கடிதத்தில் இல்லையே!

அவள் ஆய்வு பழைய கிராமக் கணக்குச் சுவடிகளைப் பற்றியது. எழுத்துருவை வடிவமைப்பாளரின் தளத்திலிருந்தே இறக்கியிருந்தாள். கூடவே வந்த சிறு உரைக்கோப்பில், சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம், வணிகப் பயன்பாட்டுக்கு எழுதிக் கேட்கவும் என்று இருந்தது. "நான் ஆய்வேட்டை விற்கப்போவதில்லையே அங்கிள், அப்போ இது சொந்தப் பயன்பாடுதானே?" என்று கேட்டாள். ஆய்வேடுகளுக்குப் பக்கம் கட்டித் தரும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு பலர் வந்திருக்கிறார்கள். விற்கிறோமா இல்லையா என்பது கேள்வியின் ஒரு பாதிதான். எழுத்துருக் கோப்பு எங்கெல்லாம் போகப்போகிறது என்பது மறுபாதி.

அச்சடித்து பைண்டு செய்த ஆய்வேட்டில் இருப்பது மை மட்டும். எழுத்தின் உருவம் தாளில் பதிந்திருக்கிறது. எழுத்துருக் கோப்பு அவள் கணினியிலேயே இருக்கிறது. பிடிஎஃப் அப்படியல்ல. அதற்குள் எழுத்துருவே போய் உட்கார்ந்துகொள்கிறது. போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை பாமினியில் தட்டச்சு செய்து பழகியவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது `mk;kh` என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். பாமினி இருக்கும் கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் வெறும் `mk;kh`. அதனால்தான் ஆய்வேட்டைத் தேர்வாளர் தம் வீட்டுக் கணினியில் திறந்தாலும் அதே முகத்தோடு தெரிவதற்காக, எழுத்துருவைப் பிடிஎஃபுக்குள் பொதித்து அனுப்புகிறோம். யூனிகோடு எழுத்துருவுக்கும் இந்தப் பொதித்தல் தேவைதான். அவள் தேர்ந்தெடுத்தது யூனிகோடு எழுத்துரு.

பொதிக்கும்போது பெரும்பாலான மென்பொருள்கள் எழுத்துரு முழுவதையும் எடுப்பதில்லை. ஆவணத்தில் பயன்பட்ட எழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்து உள்ளே வைக்கின்றன. ஆங்கிலத்தில் ஒரு தலைப்புக்கு மட்டும் ஓர் எழுத்துருவைப் பயன்படுத்தினால் பத்துப் பன்னிரண்டு எழுத்துகள்தான் போகும். ஆனால் முந்நூறு பக்கத் தமிழ் ஆய்வேடு முழுவதையும் ஒரே எழுத்துருவில் கட்டினால், ங வரிசை போன்ற அரிதானவை நீங்கலாக, தமிழ்ப் பகுதி ஏறக்குறைய முழுவதும் உள்ளே போய்விடும். தட்டச்சுக்கு வேண்டிய சேர்க்கை விதிகள் பொதுவாகப் போவதில்லை என்பது வடிவமைப்பாளருக்கு ஓரளவு ஆறுதல். இருந்தாலும் அவர் மாதக்கணக்கில் வரைந்த வளைவுகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

அந்தப் பிடிஎஃப் துறை நூலக அலமாரியோடு நிற்பதுமில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படி ஷோத்கங்கா களஞ்சியத்துக்குப் போகிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் அந்தக் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆக, ஐந்து பைண்டு பிரதிகளுக்கு அனுமதி கேட்பதும், உலகம் முழுவதும் இறக்கக்கூடிய கோப்பில் எழுத்துருவின் பகுதியை வைக்க அனுமதி கேட்பதும் வேறு வேறு. கடிதத்தில் இந்த இரண்டாவதுதான் முதலில் வர வேண்டும்.

கேட்பதற்கு முன் எழுத்துருக் கோப்பையே விசாரிக்கலாம். ஒவ்வொரு நவீன எழுத்துருவுக்குள்ளும் `fsType` என்றொரு சிறிய எண் இருக்கிறது. 0 என்றால் தடையின்றிப் பொதிக்கலாம். 8 என்றால் திருத்தக்கூடிய ஆவணத்திலும் பொதிக்கலாம். 4 என்றால் பார்க்கவும் அச்சடிக்கவும் மட்டும் பொதிக்கலாம். 2 என்றால் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் பொதிக்கவே கூடாது. விண்டோஸில் எழுத்துருவின் பண்புகளைத் திறந்தால் `Font embeddability` என்ற வரியில் இதைப் பார்க்கலாம். அவளுடைய எழுத்துருவில் இருந்தது 2.

இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் கோப்பே காட்டிக்கொடுத்துவிடும். பொதிக்கக் கூடாத எழுத்துருவைச் சந்திக்கும்போது வேர்டு, அதன் அமைப்பைப் பொறுத்து, அந்த எழுத்துகளைப் படமாக மாற்றிவிடலாம். திரையில் பெரிதாக்கினால் விளிம்பு பல்பல்லாகத் தெரியும். சுட்டியால் இழுத்தால் சொல் பிடிபடாது. தேடினால் எதுவும் கிடைக்காது. வேறு மென்பொருள்கள் சத்தமில்லாமல் மாற்று எழுத்துருவைப் போட்டுவிடுவதும் உண்டு. உள்ளே எது இருக்கிறது என்று பார்க்க `pdffonts` என்ற இலவசக் கருவி போதும்.

```
$ pdffonts aayvedu.pdf
name                 type          encoding    emb sub uni
KTQWEB+NotoSerifTamil CID TrueType Identity-H  yes yes yes
```

`emb` பொதிக்கப்பட்டதா, `sub` வெட்டி எடுத்த பகுதியா, `uni` தேடவும் நகலெடுக்கவும் யூனிகோடு அட்டவணை உண்டா என்பதைச் சொல்கின்றன. பெயருக்கு முன்னால் நிற்கும் ஆறு எழுத்தும் கூட்டல் குறியும், இது முழு எழுத்துரு அல்ல, பகுதி என்பதற்கு அடையாளம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். `fsType` எண் கடைசித் தீர்ப்பு அல்ல. வடிவமைக்கும் மென்பொருளில் இருந்த எண்ணை மாற்ற மறந்து வெளியிடுவதும் நடக்கும். உரிமத்தில் எழுதியிருப்பதுதான் செல்லும். எண்ணும் உரிமமும் முரண்பட்டால் உரியவரைக் கேட்பதே வழி. அவளுடைய உரைக்கோப்பில் பொதித்தலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடிதம் எழுத இதுவே போதிய காரணம்.

இரண்டாவது சிக்கல் அவள் பாடப்பொருளிலிருந்தே வந்தது. கணக்குச் சுவடியில் முந்திரி, காணி, மா என்று பின்னக் குறிகள் நிறைய. முந்திரி என்பது 320இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று. இவற்றின் குறிகள் 2019இல் யூனிகோடு 12.0 பதிப்பில்தான் சேர்ந்தன, முந்திரிக்கு `U+11FC0`. அவள் விரும்பிய எழுத்துருவில் இவை இல்லை. பக்கத்தில் வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தன. அவள் தம்பி எழுத்துரு மென்பொருளில் அந்தக் குறிகளை வரைந்து கோப்பிலேயே சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தான். அதை அவள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. வடிவமைப்பாளர்கள் பொதிப்பதைவிட இதற்குத்தான் அதிகம் தயங்குவார்கள். அவர் பெயரோடு, அவர் வரையாத எழுத்து உலவும் அல்லவா? நோட்டோ போன்ற திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவற்றுக்கு இந்தத் தயக்கம் இல்லை. அவற்றைப் பொதிக்கவும் திருத்தவும் கடிதமே தேவையில்லை. திருத்தியதை வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், பெயரை ஒதுக்கிவைத்திருந்தால் வேறு பெயர் சூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இருவரும் உட்கார்ந்து கடிதத்தைத் திருப்பி எழுதினோம். அவள் அனுப்பியது இது:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் தமிழ்த்துறையில் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. உங்கள் எழுத்துருவின் சாதாரண, தடித்த வடிவங்களை உங்கள் தளத்திலிருந்து இறக்கினேன். பதிப்பு எண்ணும் இறக்கிய நாளும் கீழே உள்ளன. என் ஆய்வேட்டின் உடல் எழுத்தாக இதைப் பயன்படுத்த விரும்புகிறேன். சுமார் 300 பக்கம். ஐந்து அச்சுப் பிரதிகள். ஒரு பிடிஎஃப், பல்கலைக்கழகம் வழியாக ஷோத்கங்காவில் எல்லோரும் இறக்கும்படி நிரந்தரமாக இருக்கும். அதில் எழுத்துருவின் பயன்பட்ட பகுதி மட்டும் பொதிந்திருக்கும். எழுத்துருவில் பொதிக்கத் தடை என்ற குறி இருப்பதால் உங்களைக் கேட்கிறேன். இதற்கு அனுமதி தருவீர்களா? கட்டணம் உண்டா? பின்னக் குறிகள் சிலவற்றை எழுத்துருவில் சேர்த்து, இந்த ஆய்வேட்டுக்கு மட்டும் பயன்படுத்தலாமா? கூடாதென்றால் அவற்றுக்கு வேறு எழுத்துருவை எடுத்துக்கொள்கிறேன். அடுத்த மாத இறுதியில் பக்கம் கட்டத் தொடங்குகிறேன். இப்படிக்கு..."

இந்தக் கடிதத்துக்கு மூன்று வரியில் பதில் எழுதிவிடலாம். வடிவமைப்பாளருக்கு அதுவே பெரிய உதவி. கடைசியில் தேதி சொன்னதற்கும் காரணம் உண்டு. தமிழ் எழுத்துருக்கள் ஒரே புள்ளி அளவிலும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. பக்கம் கட்டி முடித்தபின் அனுமதி இல்லை என்று தெரிந்து எழுத்துருவை மாற்றினால், 300 பக்கம் 330 ஆகலாம். பொருளடக்கம், சொல்லடைவு, "மேலே பக்கம் 112 காண்க" என்பவை எல்லாம் இடம் மாறிவிடும். ஒரு மாணவர் ஆய்வேட்டைக் கொடுக்கும் வாரத்தில் இப்படி மாட்டிக்கொண்டு, சொல்லடைவு முழுவதையும் இரண்டு இரவு விழித்துக் கையால் திருத்தியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் அன்றே முடிவு செய்தோம். பதில் இல்லை என்பது அனுமதி ஆகாது. குறித்த நாளுக்குள் வராவிட்டால் நோட்டோ செரிஃப் தமிழ். அதில் இரண்டு மாதிரிப் பக்கங்களைக் கட்டி நெறியாளரிடம் காட்டியும் வைத்தாள்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. "அம்மா, விவரமாக எழுதியதற்கு நன்றி. அச்சுக்கும் பிடிஎஃபுக்கும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், கட்டணம் வேண்டாம். பகுதியாக மட்டும் பொதியுங்கள். கோப்பில் எதையும் சேர்க்க வேண்டாம். முகப்பின் பின்பக்கத்தில் எழுத்துருவின் பெயரை எழுதினால் மகிழ்வேன். ஆய்வேடு நூலாக வந்தால் அப்போது தனியாக எழுதுங்கள்." பொதிக்கும் தடை நீக்கிய கோப்பு ஒன்றையும் இணைத்திருந்தார். அனுமதிக் கடிதம் மட்டும் வந்திருந்தால் மென்பொருள் பழைய எண்ணைப் பார்த்து மறுபடியும் மறுத்திருக்கும். அந்தத் தொல்லையும் தீர்ந்தது.

பின்னக் குறிகளை நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்டிலிருந்து எடுத்தோம். அருகருகே வைத்தபோது அவை சற்றுப் பெரிதாகத் தெரிந்ததால் ஒரு புள்ளி குறைத்தோம். கோடு கொஞ்சம் தடித்துத்தான் நின்றது. சுவடிக் குறி தனியாகத் தெரிவது நல்லதே என்று நெறியாளர் ஒப்புக்கொண்டார். `pdffonts` ஓட்டியதில் மூன்று எழுத்துருக்களுக்கும் எல்லாக் கட்டங்களிலும் `yes`. அந்தப் பதில் மின்னஞ்சலை அவள் பிடிஎஃபாகச் சேமித்து, தடை நீக்கிய எழுத்துருக் கோப்போடு ஒரே கோப்புறையில் வைத்திருக்கிறாள்.

வாய்மொழித் தேர்வு முடிந்த சில மாதங்களில் ஒரு பதிப்பாளர் ஆய்வேட்டை நூலாக்கக் கேட்டார். பிடிஎஃபை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்றார். அவள் அந்தக் கோப்புறையைத் திறந்து பழைய பதிலை ஒருமுறை படித்துவிட்டு, வடிவமைப்பாளருக்கு இரண்டாவது கடிதம் எழுதினாள். இந்த முறை என்னிடம் காட்டவில்லை. எத்தனை பிரதி, என்ன விலை, மின்னூல் உண்டா என்று பதிப்பாளரிடம் கேட்டறிந்து அவளே எழுதி அனுப்பியிருந்தாள்.