பெயரை மறைத்து வேலையைக் காட்டும் கலை: தில்லி பி.ஆர். மேசையில் ஒரு ரகசிய உலா

செய்தித் தொடர்பு அதிகாரிகளிடம் இருக்கும் ஒரு கோப்பை இன்று உங்களுக்குத் திறந்து காட்டப்போகிறேன். எங்களுக்குள் அதை 'வொர்க் ஃபைல்' என்போம். புதிய வேலைக்குப் போனாலும், புதிய வாடிக்கையாளரைப் பிடிக்கப் போனாலும் அதைத்தான் மேசையில் வைப்போம். எந்த ஊடகத்தில் என்ன செய்தி வந்தது, நெருக்கடி வந்தபோது எந்த மணிக்கு என்ன முடிவெடுத்தோம், சொன்னது யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என மூன்று விஷயங்கள் அதில் இருக்கும். எனக்கு உலகத்திலேயே பிடித்த வாசிப்பு இதுதான்!

ஆனால் நெருக்கடியில் செய்த அருமையான வேலை எல்லாம் ரகசிய ஒப்பந்தத்துக்குள் பூட்டிக் கிடக்கும். வாடிக்கையாளர் பெயரைச் சொல்லக் கூடாது, வேலையையும் காட்டியாக வேண்டும். இதை எப்படிச் செய்கிறோம் என்று காட்ட, நான் வேலையே செய்யாத, ஊரறிந்த ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன். 2015-ல் நாட்டையே உலுக்கிய மேகி நூடுல்ஸ் விவகாரம்! அது என் வாடிக்கையாளருடையது என்று வைத்துக்கொண்டு, பெயரை மறைக்க முடிகிறதா பார்ப்போம்.

முதலில் கதை. 2014-ல் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஒரு கடையிலிருந்து மாதிரி எடுத்தார்கள். கோரக்பூர் ஆய்வகம் அதில் எம்.எஸ்.ஜி. இருப்பதாகச் சொன்னது. பாக்கெட்டிலோ எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை என்று அச்சிட்டிருந்தது. மாதிரி கொல்கத்தா மத்திய ஆய்வகத்துக்குப் போனது. 2015-ல் வந்த அறிக்கை, ஈயம் 17.2 பி.பி.எம். என்றது. அனுமதித்த அளவு 2.5. மே மாதம் செய்தி நாடெங்கும் பரவியது. ஜூன் 3-ல் தில்லி அரசு 15 நாள் தடை விதித்தது, அடுத்த நாள் தமிழ்நாடு 3 மாதத் தடை விதித்தது. ஜூன் 5-ல் தேசிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 9 வகை மேகியையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற உத்தரவிட்டது. அதே நாளில் மேகியைத் தயாரிக்கும் நெஸ்லேயின் அன்றைய உலகத் தலைமை அதிகாரி பால் புல்க்கே தில்லியில் நிருபர்களைச் சந்தித்தார்.

இங்கே தில்லியின் புவியியலைக் கொஞ்சம் ரசியுங்கள்! ஆணையத்தின் அலுவலகம் கோட்லா சாலையில். பெரிய பத்திரிகை அலுவலகங்கள் வரிசைகட்டி நிற்கும் பகதூர் ஷா ஜஃபர் மார்க் அதற்குப் பக்கத்திலேயே. மறுப்பு அறிக்கையின் இரண்டாவது வரைவை வழக்கறிஞர் திருத்தி அனுப்புவதற்குள், நிருபர் ஆணையத்துக்குப் போய் உத்தரவின் நகலோடு திரும்பிவிடலாம். அதனால்தான் நாங்கள் முதல் மணி நேரத்திலேயே ஒரு 'ஹோல்டிங் ஸ்டேட்மென்ட்' தயாராக வைத்திருப்போம். உறுதியாகத் தெரிந்தது என்ன, சோதித்துக்கொண்டிருப்பது என்ன, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்று நாலே வரி. இந்த நாலு வரியை எழுதுவதில் உள்ள பரபரப்பு வேறு எந்த எழுத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது மறைக்கத் தொடங்கலாம். 'இந்தியாவின் முன்னணி நூடுல்ஸ் நிறுவனம்' என்று எழுதினேன். மதுரையிலிருந்து புதிதாக எங்கள் குழுவில் சேர்ந்த பெண் சிரித்தாள். "அக்கா, பேரையே எழுதிடலாம்க்கா!" சரி, நூடுல்ஸை எடுத்துவிட்டேன். 'உணவு நிறுவனம், 2015, ஈயம்' என்றேன். அவள் கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள். ஆண்டையும் ஈயத்தையும் எடுத்தேன். 'ஆய்வறிக்கை அளவு 17.2' என்பது மட்டும் மிச்சம். கைபேசியில் தேடினாள், கிடைத்துவிட்டது. எண்ணையும் எடுத்து, 'பொட்டல உணவு, பல மாநிலங்களில் தடை, உயர் நீதிமன்றத்தில் வெற்றி' என்று எழுதினேன். அப்போதும் கண்டுபிடித்தாள்!

தனித்தனியாக ஒன்றையும் காட்டிக்கொடுக்காத விவரங்கள், நாலு சேர்ந்து ஒரே நிறுவனத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். என் அளவுகோல் இது: நான் எழுதிய விவரிப்பு குறைந்தது ஐந்து நிறுவனங்களுக்காவது பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் துறையைப் பெரிதாக்குவேன். நூடுல்ஸ் என்பதை நுகர்பொருள் ஆக்குவேன். ஆண்டைத் தூக்கிவிட்டு, நிகழ்வுகளை 'பூஜ்ஜிய மணி'யிலிருந்து எண்ணுவேன். எண்ணை வரம்பாக மாற்றுவேன். ஊரை 'வட மாநிலம்' என்பேன். அப்படியும் தெரிந்தால் அந்தப் பக்கத்தைக் கோப்பிலிருந்தே எடுத்துவிடுவேன். மேகி இந்தச் சோதனையில் கடைசிவரை தோற்கும். அவ்வளவு பெரிய வழக்கை மறைக்கவே முடியாது. எழுத்தில் அனுமதி வாங்கலாம், இல்லையேல் விட்டுவிடலாம்.

விவரமெல்லாம் போனபின் காட்ட என்ன மிஞ்சும் என்கிறீர்களா? அங்கேதான் ரசமே! மிஞ்சுவது முடிவுகள். எந்த மணியில் என்ன தெரிந்திருந்தது, என்ன வழிகள் இருந்தன, எதைத் தேர்ந்தோம், ஏன் தேர்ந்தோம் என்பவை.

ஜூன் 5 கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் பாதுகாப்பானது, ஆனால் குழப்பம் நிலவுவதால் கடைகளிலிருந்து எடுக்கிறோம் என்பது புல்க்கே சொன்னதன் சாரம். இரண்டும் ஒரே மூச்சில் வந்தபோது, கேட்பவருக்கு உடனே எழும் கேள்வி, பாதுகாப்பானது என்றால் ஏன் எடுக்கிறீர்கள் என்பது. என் கோப்பில் இது ஒரு முழுப் பக்கம் பெறும். கூட்டத்துக்கு முந்தைய இரவு இந்தக் கேள்வியை யார் எழுப்பினார்கள், பதில் எப்படி உருவானது, எந்தச் சொல்லை வெட்டினோம் என்றெல்லாம் எழுதுவேன். அதில் நிறுவனத்தின் பெயரே தேவைப்படாது. எம்.எஸ்.ஜி. வாசகமும் அப்படித்தான். வெங்காயத்தூளிலும் கோதுமை மாவிலும் குளூட்டமேட் இயல்பாகவே உண்டு, நாங்கள் தனியாகச் சேர்க்கவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். வேதியியலில் அது நிற்கும். ஆனால் பாக்கெட்டைப் படிக்கும் தாய் 'சேர்க்கப்படவில்லை' என்பதை 'இல்லை' என்றுதான் எடுத்துக்கொள்வாள். கடைசியில் அந்த வாசகத்தை எடுத்துவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. உறைமேல் இருக்கும் ஒவ்வொரு வாசகத்தையும் பதற்றத்தில் இருக்கும் ஒருவர் எப்படிப் படிப்பார் என்று முன்கூட்டியே பார்ப்பது எங்கள் வேலை.

அடுத்து ஊடகச் செய்திகள். கோப்பைப் பார்க்கும் பலரும் முதலில் கேட்பது, எத்தனை செய்தி வந்தது என்பதுதான். நான் அந்த எண்ணை நம்புவதில்லை. பி.டி.ஐ. ஒரு செய்தி அனுப்பினால் அதையே பல தளங்கள் அப்படியே போடும். அதை நான் ஒன்றாகத்தான் எண்ணுவேன். செய்தி வந்த இடத்தை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, இத்தனை கோடி மதிப்பு என்று போடும் பழைய பழக்கமும் உண்டு. 2010-ல் உருவான பார்சிலோனா கோட்பாடுகள் அந்தக் கணக்கை வெளிப்படையாக நிராகரித்தன. நெருக்கடியில் அது அபத்தமாகவே போய்விடும். மேகியைப் பற்றி முதல் பக்கத்தில் வந்த ஒவ்வொரு தடைச் செய்தியையும் லாபமாகக் கணக்கிட முடியுமா? அதே ஜூன் காலாண்டில் நெஸ்லே இந்தியா 64 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் காட்டியது!

நான் எண்ணுவது வேறு. தனித்தனியாக எழுதப்பட்ட செய்திகளில் எத்தனையில் எங்கள் விளக்கம் இடம்பெற்றது? தலைப்பில் வந்ததா, கடைசிப் பத்தியில் வந்ததா? இந்திப் பதிப்பில் வந்ததா? தில்லியில் ஆங்கில நாளிதழை மட்டும் வெட்டி ஒட்டினால், பொருளை விற்கும் கடைக்காரர் படித்ததை நீங்கள் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

கடைக்காரர் என்றதும் மூன்றாவது விஷயத்துக்கு வந்துவிட்டோம். சம்பந்தப்பட்டவர்கள் ஒரே கூட்டம் அல்ல. வாங்குபவர், கடைக்காரர், விநியோகஸ்தர், தொழிற்சாலை ஊழியர், முதலீட்டாளர், ஒழுங்குமுறை அதிகாரி என ஒவ்வொருவருக்கும் வேறு கேள்வி. கடைக்காரருக்கு ஈயத்தின் அளவு முக்கியமில்லை. கையிலிருக்கும் சரக்கை யார் எடுத்துக்கொள்வார்கள், பணம் எப்போது திரும்பும் என்பதே அவர் கவலை. மேகியில் 30 ஆயிரம் டன்னுக்கு மேல் திரும்பப் பெற்று அழித்தார்கள், சிமென்ட் ஆலைச் சூளைகளில் எரித்தார்கள். அத்தனை பாக்கெட்டும் யாரோ ஒரு கடைக்காரர் வாங்கி அடுக்கியது!

சென்றடைந்தது என்பதற்கு நான் வைக்கும் சான்று, உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகள். எத்தனை என்பதைவிட என்ன கேட்கிறார்கள் என்பதை வாரவாரியாகப் பிரிப்பேன். 'சாப்பிடலாமா?' என்ற கேள்வி குறைந்து 'எப்போது வரும்?' என்ற கேள்வி ஏறத் தொடங்கினால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று கடக்கும் வாரத்தைத் தாளில் பார்க்கும்போது எனக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருக்கும்! அந்த வரைபடத்தில் பெயர், எண், தேதி எதுவும் வேண்டாம். கோடுகளே பேசிவிடும்.

மேகி 'எப்போது வரும்?' என்ற கேள்விக்கு நவம்பரில் பதில் வந்தது. ஆகஸ்ட் 13-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்து, அங்கீகாரம் பெற்ற 3 ஆய்வகங்களில் மறுசோதனை செய்யச் சொன்னது. ஈயம் அனுமதித்த அளவுக்குள் இருந்தது. நவம்பர் 9-ல் பாக்கெட்டுகள் கடைக்கு வந்தன. சில நாளில் ஸ்நாப்டீலில் 60 ஆயிரம் பெட்டிகள் 5 நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தன.

இனி, பெயர் நழுவும் ஓட்டைகளைச் சொல்லிவிடுகிறேன். பி.டி.எஃப். கோப்பில் பெயர்மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால் எழுத்து அடியில் அப்படியே இருக்கும். தேர்வு செய்து வேறிடத்தில் ஒட்டினால் வந்து நிற்கும். பவர்பாயின்டில் படத்தின் ஓரத்தை வெட்டினாலும் வெட்டிய பகுதி உள்ளேயே ஒளிந்திருக்கும், அதைத் தனியாக நீக்க வேண்டும். கோப்பின் பெயரிலேயே வாடிக்கையாளர் பெயர் இருப்பதும் உண்டு. எல்லாவற்றையும்விட மோசமானது செய்தித் தலைப்பு. நிறுவனப் பெயரை அழித்துவிட்டுத் தலைப்பின் பாதியை விட்டுவைத்தால், அதைத் தேடுபொறியில் போட்டாலே போதும். நான் செய்தி நறுக்கின் படத்தை வைப்பதே இல்லை. 'தேசிய ஆங்கில நாளிதழ், முதல் பக்கம், எங்கள் விளக்கம் இரண்டாம் பத்தியில்' என்று எழுதிவிடுவேன்.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். விலையைப் பாதிக்கக்கூடிய, இன்னும் வெளிவராத தகவலைக் கசியவிடுவது செபியின் 2015 உள்வணிகத் தடை விதிமுறைகளின்கீழ் குற்றம். அங்கே ஒப்பந்தத்தோடு சட்டமும் சேர்ந்து நிற்கிறது.

இந்தத் தொழிலுக்குத் தில்லி வரும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அனுமதியைக் கடைசியில் கேட்காதீர்கள். ஒப்பந்தம் போடும் நாளிலேயே, பெயர் நீக்கிய விவரிப்பை வேலைக் கோப்பில் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். எழுதிய பக்கத்தை வெளியே காட்டுமுன் வாடிக்கையாளருக்கு அனுப்பி, மின்னஞ்சலில் சம்மதம் வாங்கி, அந்த மின்னஞ்சலைக் கோப்போடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.