ஆயிரம் ஊகங்களில் பிழைப்பது எது?

இரண்டு சக்கரம் வைத்த சின்ன ரோபோ ஒன்றை விடுதியின் நீண்ட நடைவழியில் விட்டு, நேராக 10 மீட்டர் போகச் சொல்கிறோம். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிக்கொண்டே அது போகிறது. 10 மீட்டர் ஆனதும் நின்று, சரியாக வந்து சேர்ந்துவிட்டதாகக் கணக்குக் காட்டுகிறது. ஆனால் புறப்படும்போதே அதன் முகம் 2 டிகிரி திரும்பியிருந்தால், உண்மையில் அது 35 சென்டிமீட்டர் பக்கவாட்டில் விலகி நிற்கும். தரையில் சக்கரம் ஒருமுறை வழுக்கினால் பிழை இன்னும் கூடும். சக்கரக் கணக்கில் பிழை சேர்ந்துகொண்டே போகும், தானாகக் குறையாது.

கட்டடத்துக்குள் செயற்கைக்கோள் சமிக்ஞை ஒழுங்காகக் கிடைக்காது. ஆகவே ரோபோ சுற்றியுள்ள சுவர்களைப் பார்த்துத்தான் தன் இடத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்குக் கண்ணாக இருப்பது லைடார். லேசர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரம் அளக்கும் கருவி இது. ஒரு காலத்தில் ரோபோக்களில் பொருத்திய லைடார்கள் பல ஆயிரம் டாலர் விலையில் இருந்தன. 2008இல் கர்ட் கொனோலிகேயும் அவருடைய சகாக்களும் 30 டாலருக்குள் செய்துவிடக்கூடிய லேசர் தூரமானி ஒன்றின் வடிவமைப்பை வெளியிட்டார்கள். பிறகு வீடு பெருக்கும் ரோபோக்களில் இத்தகைய கருவி வந்தது. இன்று ஷாங்காய் நிறுவனமான ஸ்லாம்டெக்கின் ஆர்பிலைடார் ஏ1 போன்றவை ஏறக்குறைய 100 டாலருக்குக் கிடைக்கின்றன.

விலை குறைந்ததற்குக் காரணம் அளக்கும் முறைதான். விலையுயர்ந்த லைடார் பெரும்பாலும் ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும். மலிவான கருவியில் லேசர் ஒரு பக்கம், சின்ன கேமரா அதன் அருகில். பொருள் அருகில் இருந்தால் லேசர் புள்ளி கேமராவில் ஓர் இடத்தில் விழும், தள்ளி இருந்தால் வேறோர் இடத்தில் விழும். அந்த முக்கோணத்திலிருந்து தூரம் கிடைக்கிறது. இதில் ஒரு குறை உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் பிழை ஏறக்குறைய நான்கு மடங்காகும். பெட்டியில் 12 மீட்டர் என்று அச்சிட்டிருந்தாலும், கிட்டத்தில் இருக்கும் சுவரை நம்புகிற அளவுக்குக் கோடியில் இருக்கும் சுவரை நம்ப முடியாது.

இன்னொரு குறை வேகம். ஏ1 வழக்கமாக நொடிக்கு ஐந்தரை சுற்று சுற்றுகிறது. ரோபோ நொடிக்கு 60 டிகிரி வேகத்தில் திரும்பினால், லைடார் ஒரு சுற்று முடிப்பதற்குள் ரோபோவே 11 டிகிரி திரும்பிவிடும். நேரான சுவரும் அப்போது வளைந்து தெரியும். ஆகவே வரைபடம் எடுக்கும்போது மெதுவாகத் திருப்ப வேண்டும் என்பது இதைக் கையாள்பவர்கள் முதலில் கற்கும் பாடம்.

இப்படிச் சக்கரமும் கொஞ்சம் பொய் சொல்லும், கண்ணும் கொஞ்சம் பொய் சொல்லும் என்றால், உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் பார்ட்டிகிள் ஃபில்டர் எனப்படும் துகள் வடிகட்டி வருகிறது. "நான் இங்கே இருக்கிறேன்" என்று ரோபோ ஒற்றை விடை சொல்வதில்லை. ஆயிரம் ஊகங்களை வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு துகளும் ஓர் ஊகம்: இந்த இடத்தில், இந்தத் திசை பார்த்து நிற்கிறேன். ரோபோ நகரும்போது எல்லாத் துகளும் சேர்ந்து நகரும். சக்கரம் பிசகக்கூடும் என்பதால் ஒவ்வொன்றும் கொஞ்சம் வித்தியாசமாக நகரும். பிறகு லைடார் பார்க்கும். "இந்த ஊகம் சரியென்றால் சுவர் எங்கே தெரிய வேண்டும்? உண்மையில் எங்கே தெரிகிறது?" என்று ஒவ்வொரு துகளையும் வரைபடத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும். மதிப்பெண் கூடியவை அடுத்த சுற்றில் பெருகும், குறைந்தவை மறையும்.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம். விடுதியின் நடைவழி கிழக்கு மேற்காக 24 மீட்டர் நீளம். இரு பக்கமும் 3 மீட்டருக்கு ஒரு கதவு, எதிரெதிராக, பக்கத்துக்கு எட்டு. மேற்குக் கோடியிலிருந்து 1.5 மீட்டரில் முதல் கதவு, 22.5 மீட்டரில் கடைசிக் கதவு. கிழக்குக் கோடிக்கு முன்னால், கிழக்கு நோக்கி நடப்பவரின் இடப்பக்கம், கதவுக்குப் பதிலாக மாடிப்படிக்கான திறப்பு இருக்கிறது. லைடாரின் நம்பத்தகுந்த எல்லையை 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரோபோவை ஏதோ ஒரு கதவுக்கு நேராக, நடைவழி நடுவில் வைத்து, எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

முதல் பார்வையில் இரு பக்கமும் கதவு தெரிகிறது, முன்னும் பின்னும் 6 மீட்டருக்குள் சுவர் இல்லை. எட்டு இடங்களில் கோடிகளுக்கு அருகே உள்ள நான்கு இதனால் அடிபடுகின்றன, ஏனென்றால் அங்கிருந்து கோடிச் சுவர் தெரிந்திருக்கும். மிஞ்சுவது 7.5, 10.5, 13.5, 16.5 ஆகிய நான்கு இடங்கள். ஒவ்வொன்றிலும் கிழக்கு பார்த்தும் நிற்கலாம், மேற்கு பார்த்தும் நிற்கலாம். ஆக எட்டுக் கும்பல். ஆயிரம் துகளும் இந்த எட்டில் பிரிந்து, கும்பலுக்கு ஏறக்குறைய 125 என்று நிற்கும்.

ரோபோ 3 மீட்டர் முன்னே போகிறது. இன்னும் சுவர் தெரியவில்லை. 16.5இல் கிழக்கு பார்த்து நின்றதாக ஊகித்தவை இப்போது 19.5இல் இருக்க வேண்டும், அங்கிருந்து 4.5 மீட்டரில் சுவர் தெரிய வேண்டும். தெரியவில்லை, ஆகவே அவை அடிபடுகின்றன. மேற்கு பார்த்த கும்பல்களிலும் ஒன்று இதே போல் போகிறது. ஆறு மிச்சம். மேலும் 3 மீட்டர், சுவர் இல்லை. நான்கு மிச்சம். மூன்றாவது 3 மீட்டரில் 4.5 மீட்டருக்கு முன்னே சுவர் தெரிகிறது. இதற்குப் பொருந்துவது இரண்டுதான்: 19.5இல் கிழக்கு பார்த்து நிற்கிறது, அல்லது 4.5இல் மேற்கு பார்த்து நிற்கிறது. நடைவழி இரு பாதியும் ஒரே மாதிரி இருப்பதால், எவ்வளவு துல்லியமான லைடார் வைத்தாலும் இந்த இரண்டையும் நேர்ச் சுவரால் பிரிக்க முடியாது. இன்னும் கொஞ்சம் நகர்ந்து, இடப்பக்கத்தில் கதவு இருக்க வேண்டிய இடத்தில் மாடிப்படித் திறப்பு தெரிகிறபோதுதான் மேற்குக் கும்பல் கரைகிறது. ரோபோவுக்கு விடை கிடைக்கிறது.

விடையைக் கொடுத்தது துல்லியமான அளவு அல்ல, காத்திருந்ததுதான். பாதி வழியில் ஒரே விடை கேட்டிருந்தால் ரோபோ எதையாவது தேர்ந்திருக்கும். பாதி வாய்ப்பு தவறாகவே இருந்திருக்கும்.

இந்தப் பொறுமைக்கு ஓர் எதிரி உண்டு. ஏ1 போன்ற கருவி ஒரு சுற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை அளக்கும். அத்தனையையும் மதிப்பெண்ணாகப் பெருக்கினால் என்ன ஆகும்? ஒரு புள்ளியில் ஓர் ஊகம் 0.6 மதிப்பெண் வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது மோசமில்லை. முப்பது புள்ளியில் அதே 0.6ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கினால் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். ஆனால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒரே சுவரைத்தான் பார்க்கின்றன. ஒரே சாட்சியை முப்பது முறை கூப்பிட்டு முப்பது சாட்சி என்று எண்ணுவது போன்றது இது. நல்ல ஊகமும் இந்த அவசரத்தில் செத்துப்போகும். அதனால்தான் ரோபோ மென்பொருளில் பரவலாகப் பயன்படும் `amcl`, முன்னிருப்பு அமைப்பில் ஒரு சுற்றில் சில பத்துப் புள்ளிகளையே எடுத்துக்கொள்கிறது. அளவில் எதிர்பார்க்கும் பிழையையும் கருவியின் உண்மைப் பிழையைவிடத் தாராளமாக 20 சென்டிமீட்டர் என்றே வைக்கிறது. மலிவான லைடார் போதும் என்பதற்கும் இதுவே காரணம். கிடைக்கும் புள்ளிகளில் பெரும்பகுதியை எப்படியும் விட்டுவிடப் போகிறோம்.

இதுவரை வரைபடம் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டோம். வரைபடம் இல்லையென்றால்? இடம் தெரிந்தால்தான் வரைய முடியும், வரைந்தால்தான் இடம் தெரியும். இந்த முடிச்சையும் துகள்களாலேயே அவிழ்க்கிறார்கள். ஒவ்வொரு துகளும் தன் சொந்த வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும். தரையை 5 சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, லேசர் கடந்த கட்டத்தைக் காலி என்றும், பட்ட கட்டத்தைத் தடை என்றும் குறிக்கும். பாரம் அதிகம் என்பதால் ஆயிரம் துகள் வைப்பதில்லை. 2007இல் கிரிசெட்டி, ஸ்டாக்னிஸ், புர்கார்ட் மூவரும் விவரித்த `gmapping` முறைக்கு முன்னிருப்பு 30 துகள்தான். சுற்றி வந்து புறப்பட்ட இடத்தை மறுபடி பார்க்கும் கணத்தில் சோதனை முடிகிறது. எந்தத் துகளின் வரைபடத்தில் இரண்டு முனைகளும் பொருந்துகின்றனவோ அது பிழைக்கிறது. பொருந்தவில்லையென்றால் ஒரே சுவர் இரட்டைக் கோடாகத் தெரியும். கதவெல்லாம் மூடிய நீண்ட நடைவழியில் சுவர் எங்கும் ஒரே மாதிரி இருப்பதால், வரைபடத்தில் நடைவழி குட்டையாக வந்துவிடுவதும் உண்டு. டேப்பால் ஒருமுறை அளந்து பார்த்தால் இது பிடிபடும்.

கண்ணுக்குத் தெரியாத தடைகளும் இருக்கின்றன. கண்ணாடியை லேசர் கடந்துபோகும், அல்லது பிரதிபலித்து வேறு எதையோ காட்டும். கறுப்புப் பொருளிலிருந்து ஒளி சரியாகத் திரும்பாது. லைடார் ஒரே மட்டத்தில்தான் பார்க்கும், ஆகவே மேசையின் நான்கு கால் தெரியும், பலகை தெரியாது. 1997இல் ஜெர்மனியின் பான் நகரில், ஜெர்மன் அருங்காட்சியகத்தில் 47 மணிநேரம் ஓடி 18 கிலோமீட்டருக்கு மேல் பயணித்து வழிகாட்டிய ரைனோ என்ற ரோபோவும் கண்ணாடிப் பேழைகளைக் காணவில்லை. வரைபடத்தில் எழுதிவைத்தார்கள், அதை நம்பி ஒதுங்கியது. பார்வையாளர்கள் சூழ்ந்துகொண்டபோது, சுவருக்கு முன்பே ஏதோ மறிக்கிறது என்று காட்டிய அளவுகளை அது ஒதுக்கிவிட்டது. ரைனோ துகள்களை வைத்திருக்கவில்லை, கட்டடத்தின் எல்லாக் கட்டங்களுக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டது. 1999இல் டெல்லார்ட், ஃபாக்ஸ், புர்கார்ட், துருன் ஆகியோர் அதே வேலையைத் துகள்களால் மிகக் குறைந்த நினைவகத்தில் செய்து காட்டினார்கள்.

இந்த முறை எங்கே சறுக்கும் என்பதையும் விடுதி உதாரணத்தில் காணலாம். எட்டுக் கும்பலில் சரியான கும்பல், துகள்களைப் பெருக்கும் குலுக்கலில் தற்செயலாகவே அழிந்துபோகலாம். அல்லது யாராவது ரோபோவைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிடலாம். அப்போது மிஞ்சியவை எல்லாம் தவறான இடத்தில் நெருங்கி நிற்கும். திரையில் துகள்கள் ஒரு சின்னப் புள்ளியாகக் குவிந்திருப்பதைப் பார்த்து, ரோபோ தெளிவாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. லைடார் புள்ளிகள் வரைபடத்துச் சுவர்கள் மேல் படிகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். குவிந்திருந்தும் படியவில்லையென்றால் அது தப்பான நம்பிக்கை. மதிப்பெண் தொடர்ந்து சரிகிறபோது எங்கெங்கோ புதிய ஊகங்களைத் தூவும் வசதி `amcl`இல் உண்டு. ஆனால் அதற்கான `recovery_alpha_slow`, `recovery_alpha_fast` என்ற இரு எண்களும் முன்னிருப்பில் பூஜ்யம், அதாவது அந்த வசதி அணைந்திருக்கிறது. தூக்கிவைத்த ரோபோ மணிக்கணக்கில் தவறான அறைக்குள் போக முயல்வதைப் பார்க்கிறவர்கள், முதலில் இந்த இரண்டு எண்களைத்தான் பார்க்க வேண்டும்.